பைபேக் கணக்கைச் சரிபார்க்க ஒரே பெருக்கல்

கம்பெனி தன் பங்குகளையே திரும்ப வாங்குவதுதான் பைபேக். அப்படி வாங்கிய பங்குகளின் எண்ணிக்கையை ஒரு பங்குக்குக் கொடுத்த விலையால் பெருக்குங்கள். பைபேக்கால் ஈக்விட்டி, அதாவது மூலதனமும் ரிசர்வும் சேர்ந்த மொத்தம், குறைய வேண்டியது அந்தத் தொகைதான்.

பாளையங்கோட்டையில் ஒரு குடும்ப பிரைவேட் லிமிடெட் என்று வைப்போம். மூலதனம் 10 லட்சம், பொது ரிசர்வ் 30 லட்சம். 10 ரூபாய் முகமதிப்புள்ள 10,000 பங்குகளை, ஒன்று 60 ரூபாய்க்குத் திரும்ப வாங்குகிறது. செலவு 6 லட்சம். முகமதிப்பான 1 லட்சம் மூலதனத்தில் கழியும், மீதி 5 லட்சம் ரிசர்வில் கழியும். அப்புறம், ரிசர்விலிருந்து இன்னொரு 1 லட்சத்தை 'கேப்பிடல் ரிடெம்ப்ஷன் ரிசர்வ்' கணக்குக்கு மாற்ற வேண்டும். பலரும் தடுமாறுவது இங்கேதான். இது ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போவது, பணம் வெளியே போகவில்லை. முடிவில் மூலதனம் 9, ரிடெம்ப்ஷன் ரிசர்வ் 1, பொது ரிசர்வ் 24. மொத்தம் 34 லட்சம், முதலில் இருந்த 40-இல் சரியாக 6 குறைந்திருக்கிறது. 33 என்று வந்தால் அந்த 1 லட்சத்தைக் கழித்துவிட்டு, புதுக் கணக்கில் வரவு வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

வேறு வகைப் பங்குகளை வெளியிட்டுத் திரட்டிய பணத்தில் வாங்கினால் இந்த மாற்றம் தேவையில்லை. 2024 செப்டம்பர் வரையிலான பைபேக்குகளில் கம்பெனியே வரி கட்டியது. அந்தப் பழைய கணக்குகளில் வரியையும் சேர்த்துப் பாருங்கள்.