விரல் மடங்காத அப்பத்தாவுக்கு ஒட்டுப்பட்டி ரவிக்கை

பாம்பன் உப்புக்காற்றில் ரவிக்கைக் கொக்கிகள் சீக்கிரம் துருப்பிடித்து இறுகிவிடும். விரல்கள் விறைத்துப்போன எங்கள் அப்பத்தா அவற்றைக் கழற்ற முடியாமல் கண் கலங்கிவிட்டார். பிரஸ் பட்டனும் சரிவரவில்லை. அதை அமுக்கக் கட்டைவிரலில் பலம் வேண்டும்.

கடைசியில் வெல்க்ரோ என்ற ஒட்டுப்பட்டியை ஒரு அங்குலத் துண்டுகளாக நான்கு இடத்தில் தைத்தோம். ஒரே நீளப் பட்டியாகத் தைத்தால் பிரிப்பது கஷ்டம். சொரசொரப்பான பக்கம் அடிமடிப்பில் வெளியே பார்த்தபடியும், மெத்தென்ற பக்கம் மேல்மடிப்பின் உள்ளேயும் இருக்கட்டும். அப்போதுதான் தோலில் உரசாது. துவைக்கும்முன் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் நூலும் மணலும் அடைத்துப் பிடிப்பு குறையும். அடைத்தால் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம்.

அப்புறம், வயதானவர்களுக்குப் புதுத்துணி வாங்கும்போது உள்புறம் திருப்பி, அக்குள் தையலை உங்கள் மணிக்கட்டின் உட்பக்கம் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கே உறுத்தினால் வேண்டாம்.