வரலாற்று வினாத்தாளில் கட்டாய வினாவைக் குறிப்பிடும் முறை

கடலூர், புதுச்சேரிப் பள்ளிகளில் வரலாற்று வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள், கட்டாய வினா இடம்பெறும் பகுதிக்கான அறிவுரையைத் தனிக் கவனத்துடன் எழுத வேண்டும்.

15 முதல் 21 வரை ஏழு வினாக்கள் கொண்ட ஒரு பகுதியில், அரிக்கமேடு பற்றிய 21-ஆம் வினா கட்டாயம் என்று கொள்வோம். "எவையேனும் ஐந்து வினாக்களுக்கு விடையளி, வினா எண் 21 கட்டாயம்" என்று மட்டும் அச்சிட்டால், கட்டாய வினா அந்த ஐந்தில் அடங்குமா, ஆறாவதா என்ற ஐயம் எழும், சிலர் ஆறு விடைகள் எழுதி, நெடுவினாவுக்குரிய நேரத்தை இழப்பார்கள். அதைவிட, "வினா எண் 21-க்கும், 15 முதல் 20 வரையுள்ளவற்றுள் எவையேனும் நான்கிற்கும், ஆக ஐந்து வினாக்களுக்கு விடையளிக்கவும்" என்று எழுதி, அதே வரியின் வலப்புறம் 5 × 2 = 10 என்று மதிப்பெண்ணைக் காட்டுவதே தெளிவு.

வாசிப்பு நேரம் உண்டெனில், அது தேர்வு நேரத்தில் சேருமா என்பதை முகப்பிலேயே குறிப்பிட வேண்டும்.

அச்சுக்கு அனுப்புமுன், வேறு பாட ஆசிரியர் ஒருவரிடம் அறிவுரைகளை மட்டும் காட்டி, பகுதிவாரியாக எத்தனை விடைகள் எழுத வேண்டும் என்று கேளுங்கள். அவர் தயங்கும் வரியைத் திருத்துங்கள்.