மேலதிகாரிக்குச் சங்கத்தின் சார்பில் பிறந்தநாள் வாழ்த்து எழுதுவது எப்படி?

மதுரையில் எந்தச் சந்து முனையில் நின்றாலும் "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" என்று ஒரு போஸ்டர் கண்ணில் படும். போன வருடம் எங்கள் அலுவலக ஊழியர் சங்கத்தில் வாழ்த்து எழுதும் வேலை என் தலையில் விழுந்தபோது, என் கையும் முதலில் அதைத்தான் எழுதியது. செயலாளர் அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, கும்பிடு போடுறதுக்குச் சங்கம் எதுக்கு?" என்றார்.

முதலில் தேதி. பணிப்பதிவேட்டில் இருப்பது பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதி. நம் பக்கம் பலருக்கு அது நிஜமான பிறந்தநாளே கிடையாது, பள்ளியில் சேர்க்க வாத்தியார் போட்டுக்கொடுத்த ஜூன் மாதத் தேதியாக இருக்கும், அதனால் அதிகாரியின் நேர்முக உதவியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வயதை எழுத வேண்டாம். ஓய்வுக்கு எத்தனை வருடம் என்று நாம் எண்ணுவது போல இருக்கும்.

அடுத்து விளிப்பு. "மாண்புமிகு" அமைச்சர்களுக்கு உரியது. அதிகாரிக்கு "மதிப்பிற்குரிய அம்மா" அல்லது "ஐயா" போதும்.

அப்புறம்தான் கஷ்டமான இடம், நடு வாக்கியம். நான் எழுதியிருந்தது இது:

"ஏழை ஊழியர்களின் குலதெய்வமாக விளங்கும் தங்கள் கருணையால் வாழும் நாங்கள் பாதம் பணிந்து வாழ்த்துகிறோம்."

இதில் அவர் செய்த வேலை ஒன்றுகூட இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். "கருணை" என்று எழுதினால் நம் உரிமையைப் பிச்சையாக்கிவிடுகிறோம். இடமாறுதல், பதவி உயர்வு கிடைத்ததற்கு நன்றி சொன்னாலும் அதே கதைதான், ஏதோ சலுகை வாங்கிய மாதிரி படும். சங்கத்துக்கு லாபமில்லாத, எல்லோரும் கண்ணால் பார்த்த ஒரு செயலைத் தேடுங்கள். எங்களுக்குக் கிடைத்தது வாசலில் போட்ட தகரக்கூரை. திருத்தியபின் கடிதம் இப்படி வந்தது:

"மதிப்பிற்குரிய அம்மா,
தங்கள் பிறந்தநாளில் எங்கள் சங்கத்தின் அன்பான வாழ்த்துகள். மனு கொடுக்க வருவோர் சித்திரை வெயிலில் நிற்காதபடி இந்த ஆண்டு தாங்கள் அமைத்த நிழற்கூரையை எங்கள் உறுப்பினர்கள் நன்றியோடு நினைக்கிறார்கள். தாங்கள் நல்ல உடல்நலத்துடன் நீடு வாழ விழைகிறோம்."

மூன்றே வாக்கியம். "வாழ்த்துகிறோம்", "விழைகிறோம்" என்று நிமிர்ந்து நிற்கும் வினைகளாகப் பாருங்கள். "பணிந்து", "சமர்ப்பிக்கிறோம்" வந்தால் அடித்துவிடுங்கள். சத்தமாக ஒருமுறை படித்தாலே தெரியும், நாக்கு கூசும் இடம்தான் தப்பான இடம்.

சங்க லெட்டர் பேடில் அச்சடித்து, கீழே தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டால் போதும், பதினைந்து பேர் பெயரைப் போட்டால் அதுவும் போஸ்டர்தான். பரிசு வேண்டாம், 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளின்படி அரசு அலுவலர் பரிசு வாங்கக் கட்டுப்பாடுகள் உண்டு, நாமே அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடக்கூடாது.

இரண்டு பேர் நேரில் போய்க் கொடுத்துவிட்டு, உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்தில் எழுந்து வாருங்கள். கோரிக்கை மனு பையில் தயாராக இருந்தாலும் அன்று எடுக்காதீர்கள். எங்களுடையதை அடுத்த செவ்வாய்க்கிழமை தனி உறையில் கொடுத்தோம்.