R² 0.67 என்றதும் நம்பிவிடாதீர்கள்

எக்செலில் புள்ளிகள் மேல் வலது கிளிக் செய்து, டிரெண்ட்லைன் போட்டு, அந்தக் கோடு புள்ளிகளுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் R² மதிப்பையும் காட்டச் சொல்கிறோம். 0.67 வந்தால் 'பரவாயில்லையே' என்று தோன்றும். அந்த எண்ணைப் பார்க்கும் முன் புள்ளிகளைப் பாருங்கள்.

1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் நான்கு சிறிய தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். நான்குக்கும் ஒரே கோடு, ஏறக்குறைய y = 3 + 0.5x. R²-உம் ஒன்றே, 0.67. படமாகப் போட்டால்தான் குட்டு உடையும்.

இரண்டாவது தொகுப்பில் புள்ளிகள் வளைந்து, x = 11 அருகே உச்சம் தொட்டு இறங்குகின்றன. கோட்டின் நடுவில் புள்ளிகள் மேலே, இரு முனைகளிலும் கீழே. இந்த ஒழுங்குதான் நேர்கோடு பொருந்தவில்லை என்பதற்கு அடையாளம். x = 20-க்குக் கோட்டை நீட்டினால் 13 வரும்; வளைவை நீட்டினால் கிட்டத்தட்ட -1!

நான்காவது இன்னும் வேடிக்கை. பத்துப் புள்ளிகளுக்கு x = 8, ஒன்றுக்கு மட்டும் 19. அந்த ஒற்றைப் புள்ளியை அழித்துவிட்டு இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=RSQ(B2:B11,A2:A11)
```

மிச்சமுள்ள x எல்லாம் 8 என்பதால் #DIV/0! பிழைதான் வரும். கோடு மொத்தமும் ஒரே புள்ளியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் தனியே நிற்கும் புள்ளியை நீக்கி ஒருமுறை கணக்கிடுவது என் வழக்கம்.

காரணம் எது, விளைவு எது என்றும் R² சொல்லாது. x, y இரண்டையும் இடம் மாற்றுங்கள், அதே 0.67தான்.