ரிலே பலகையில் டையோடு இருக்கிறது, வால்வில் இருக்கிறதா?

புதிதாக ரிலே இணைக்கப் பழகுகிறவர்களிடம், நான் தொடக்கத்தில் செய்த அதே பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கம்பியை மாற்றிச் செருகுவது போன்றவற்றை ஒருமுறை செய்தாலே கற்றுக்கொள்வீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ரிலேயின் டையோடு போதும் என்று நம்புவது

சொட்டுநீர்ப் பாசனத்துக்காகத் தானே செய்த பெட்டியை ஓர் இளைஞர் கொண்டுவந்தார். வால்வு திறக்கும்போது சிக்கல் இல்லை. மூடும்போது மட்டும் மைக்ரோகண்ட்ரோலர் நின்று, முதலிலிருந்து தொடங்கியது. மூன்று பவர் சப்ளைகளை மாற்றிப் பார்த்திருந்தார். "டையோடு இருக்கிறதே அண்ணா" என்று ரிலே பலகையைக் காட்டினார்.

இருந்தது. ஆனால் அது ரிலேயின் சொந்தச் சுருளுக்கானது. ரிலே இயக்கும் வால்வுக்குள்ளும் ஒரு சுருள் இருக்கிறது. அதன் குறுக்கே எதுவும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம். தொடுமுனை பிரியும் ஒவ்வொரு முறையும் நீலப் பொறி தெறித்தது.

அந்த வால்வு 12 வோல்ட்டில் இயங்குவது, சுருளின் மின்தடை 30 ஓம். எனவே 0.4 ஆம்பியர் ஓடுகிறது. சுருள் தன் வழியே ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று நிற்க விடாது. பாதை அறுந்ததும், அதே திசையில் தள்ளிக்கொண்டே மின்னழுத்தத்தை உயர்த்தும். தூண்டல் 0.1 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் 10 மைக்ரோநொடியில் அறுந்தால், கணக்கு 4,000 வோல்ட் என்று சொல்கிறது. அதை எட்டுவதற்குள் தொடுமுனைகளுக்கு நடுவிலுள்ள காற்றே உடைந்து பொறியாகிவிடுகிறது. அந்தப் பொறியின் இரைச்சல்தான் மைக்ரோகண்ட்ரோலரைக் குழப்பியது. ரிலேக்குப் பதிலாக டிரான்சிஸ்டர் இருந்திருந்தால் அது செத்திருக்கும்.

1N4007 டையோடு ஒன்றை வால்வின் இரு முனைகளுக்குக் குறுக்கே, பட்டையுள்ள முனை நேர்மின் பக்கம் வரும்படி சாலிடர் செய்தோம். வால்வு இயங்கும்போது அது கடத்தாது. தொடுமுனை பிரிந்தவுடன் சுருளின் மின்னழுத்தம் தலைகீழாகிறது, டையோடு கடத்தத் தொடங்குகிறது. மின்னோட்டம் சுருளுக்கும் டையோடுக்கும் இடையே சுற்றிச்சுற்றி வெப்பமாகக் கரைகிறது. டையோடில் விழுவது ஏறத்தாழ 0.7 வோல்ட்தான், ஆகவே தொடுமுனை தாங்க வேண்டியது வெறும் 12.7 வோல்ட். பொறி மறைந்தது. மைக்ரோகண்ட்ரோலரும் அதன்பின் நிற்கவில்லை.

இவ்வளவு மலிவான ஒரு பொருளை விட்டுவிட்டு, தொடுமுனை கருகிய ரிலேயையே குறை சொல்லி அடுத்தடுத்து வாங்கிய நாள்களை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒவ்வொரு சுருளுக்கும் அதற்கென்று ஒரு டையோடு வேண்டும்.

டையோடைத் திருப்பி வைப்பது

வால்வை இயக்கிய நொடியில் நேரடியான ஷார்ட் சர்க்யூட்.

ஏசி வால்வுக்கு டையோடு

கூடாது. மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த ஸ்னபர் போடுங்கள்.

விடுபடும் தாமதத்தை மறப்பது

டையோடு போட்டால் மின்னோட்டம் மெல்ல வடியும். நம் வால்வில் மூன்றில் ஒரு பங்காகக் குறையவே 3 மில்லிநொடிக்கு மேல் ஆகும். தண்ணீருக்கு அது பொருட்டல்ல. விரைவாக விடுபட வேண்டிய இடத்தில், டையோடுடன் தொடராக 24 வோல்ட் சீனர் ஒன்றை எதிர்த்திசையில் இணைக்கலாம். அப்போது சுவிட்ச் ஏறத்தாழ 37 வோல்ட்டைத் தாங்க வேண்டும். 40 வோல்ட் டிரான்சிஸ்டரை அங்கே நம்பாதீர்கள். 60 வோல்ட் தாங்குவதை எடுங்கள்.