கடை அடுப்பின் கேஸ் டியூப்: கசிவைத் தேடுவதில் நடக்கும் தவறுகள்

தள்ளுவண்டிக் கடையிலும் சிறிய ஓட்டலிலும் இரவு கடையை மூடும்போது பெரும்பாலும் அடுப்பின் குமிழை மட்டும்தான் திருகி அணைக்கிறார்கள். சிலிண்டர் திறந்தே கிடக்கிறது. அதனால் ரெகுலேட்டரிலிருந்து பர்னர் வரை உள்ள டியூப் விடியும் வரை கேஸ் அழுத்தத்தில் நிற்கிறது. எலி கடிப்பதும் அந்த நேரத்தில்தான். முதலில் சிலிண்டரை மூட வேண்டும். டியூபில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தீ தானாக அணைந்த பிறகு அடுப்பின் குமிழை மூடலாம். இந்த வரிசை பழகிவிட்டால் டியூப் இரவு முழுக்க காலியாக இருக்கும்.

அடுத்தது, வீட்டு அடுப்பின் டியூபைக் கடை அடுப்பில் மாட்டுவது. வீட்டு ரெகுலேட்டர் அனுப்பும் அழுத்தம் ஏறக்குறைய 30 மில்லிபார். பரோட்டாக் கல்லுக்கும் ஃபிரைடு ரைஸ் சட்டிக்கும் வைக்கும் ஹை பிரஷர் அடுப்பில் 1 பார் வைத்தாலே அது முப்பது மடங்குக்கு மேல். அந்த அழுத்தத்தில் முனையில் சொருகி கிளிப் போட்ட டியூப் வழுக்கிக் கழன்றுவிடலாம். உள்ளே கம்பி வலை உள்ள ஹை பிரஷர் டியூப், அதுவும் இரு முனையிலும் திருகும் நட்டோடு வருவதுதான் இங்கே சரி. டியூபின் மேல் தயாரித்த தேதி அச்சாகியிருக்கும். கம்பி வலை டியூபுக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுள் 5 ஆண்டு. ஆனால் அது வீட்டுச் சமையலறைக் கணக்கு. எண்ணெயும் அனலும் நாள் முழுக்கப் படும் கடையில் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது. டியூபை வளைத்துப் பாருங்கள்: மேல் ரப்பரில் மெல்லிய வெடிப்பு தெரிந்தாலும், ஓர் இடம் மட்டும் விறைத்தோ பிசுபிசுத்தோ இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றுவது வெடிப்பைக் கண்ணிலிருந்து மறைக்கும், கேஸை நிறுத்தாது.

வாடை வந்தால் தெரிந்துவிடும் என்று நம்புவது இன்னொரு தவறு. தாளிப்பும் புகையும் சாலைத் தூசியும் சூழ நிற்கும் மாஸ்டரின் மூக்கு சீக்கிரம் பழகிவிடும். தவிர, இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. வண்டியின் அடிப்பெட்டியிலும் சாக்கடைப் பள்ளத்திலும் போய்த் தேங்கும். காற்றில் 2 சதவீதம் அளவுக்குக் கலந்தாலே தீப்பிடிக்கும். வண்டிக்கடியில் நாலு பக்கமும் பலகை அடித்து அதற்குள் சிலிண்டரை வைப்பது அதனால்தான் ஆபத்து. தரையை ஒட்டிய பக்கமாவது திறந்திருக்க வேண்டும்.

சரி, கசிவை எப்படிப் பார்ப்பது? தீக்குச்சி வைத்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஒருபோதும் கூடாது. சோப்பு நுரை போதும். ஆனால் சிலிண்டரை மூடி வைத்துக்கொண்டு நுரை தடவினால் எதுவும் தெரியாது, லைனில் அழுத்தம் இருக்க வேண்டும். ரெகுலேட்டரில் அழுத்தமானி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

மாலை ஃபிரைடு ரைஸ் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் மாற்றியாகிவிட்டது. பக்கத்தில் எந்தத் தீயும் இல்லை. பர்னர் குமிழை மூடிவிட்டு சிலிண்டரைத் திறக்கிறார்கள், முள் 1 பாரில் நிற்கிறது. இப்போது சிலிண்டரை மூடிவிட்டு 10 நிமிடம் விடுகிறார்கள். முள் 0.6-க்கு இறங்கிவிட்டது. எங்கோ போகிறது. மறுபடி சிலிண்டரைத் திறந்து, ரெகுலேட்டர் பக்கம், டியூப் முழுக்க, பர்னர் பக்கம் என்று வரிசையாக நுரை தடவினால் பர்னர் நட்டுக்குப் பக்கத்தில் குமிழி வருகிறது. நட்டை இறுக்கியும் நிற்கவில்லை. துடைத்துப் பார்த்தால் கசிவு நட்டில் இல்லை, அதை ஒட்டிய ரப்பரில் இருக்கிறது. அடுப்பின் அனல் பட்டு அந்த முனை வெந்துபோயிருக்கிறது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு மீதியைச் சொருகக் கூடாது. வெட்டிய இடத்தில் கம்பி வலை பிரியும், நட்டும் இருக்காது. புது டியூப்தான் வழி. அதை அனல் படாத பக்கமாக, பர்னருக்குக் கீழே தொங்காமல் கொண்டுபோக வேண்டும். பிறகு அதே சோதனையை இன்னொரு முறை செய்தால் முள் இறங்காமல் நிற்கும்.

கூட்ட நேரத்தில் தீ மங்கினால் சிலிண்டரைச் சாய்ப்பதும் வெந்நீரில் வைப்பதும் உண்டு. சிலிண்டரின் மேல் பனி படிந்திருந்தால் கேஸ் தீரவில்லை, அடுப்பு இழுக்கும் வேகத்துக்கு உள்ளே திரவம் ஆவியாகவில்லை என்று பொருள். சாய்த்தால் திரவமே டியூபுக்குள் வரும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் கேஸாக விரியும், தீ ஆளுயரம் எழும். இரண்டு சிலிண்டரின் கேஸையும் ஒரே லைனில் சேர்க்கும் முறையான மேனிஃபோல்டில் மாட்டி இழுப்பதே இதற்குத் தீர்வு.

கசிவு டியூபில் இல்லாமல் சிலிண்டர் வால்விலேயே இருந்தால், உள்ளிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். அதை நீங்கள் குத்திக் கிளற வேண்டாம். சுற்றியிருக்கும் எல்லா அடுப்பையும் அணைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரோடு வந்த மூடியைப் போட்டு, வெட்டவெளிக்கு நகர்த்திவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்கு அழையுங்கள்.