காம்பராவில் நெருப்பு என்றால் கதவைத் திறக்காதீர்கள்

போன மார்கழியில் எங்கள் லயத்தின் நாலாவது காம்பராவில் மெத்தை பற்றிக்கொண்டது. வீட்டு ஆட்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். குளிருக்காகக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக் கிடந்ததால் நெருப்பே கண்ணில் படவில்லை, தகரத்து ஓரத்தில் புகை மட்டும் கசிந்தது. புகையை விட்டால் தண்ணீர் ஊற்றலாமே என்று கதவைத் தள்ளியது நான்தான். கணுக்காலைத் தொட்டுக்கொண்டு காற்று உள்ளே இழுபட்டது, தலைக்கு மேலே கரும்புகை வெளியே வந்தது, நான் இஸ்தோப்பைத் தாண்டுவதற்குள் வாசல் நிறைய நெருப்பு. புருவம் போனதோடு தப்பினேன்.

காற்றில் ஒட்சிசன் ஏறக்குறைய 21 சதவீதம். மூடிய அறையில் அது 15 பக்கம் இறங்கும்போது சுவாலை அடங்கிவிடும், ஆனால் மெத்தைப் பஞ்சு சூட்டில் கருகிக்கொண்டே இருக்கும். அப்படி வரும் புகையே எரிபொருள்தான். சூடும் எரிபொருளும் தயாராகக் காத்திருக்கிற இடத்துக்குக் காற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அமெரிக்காவில் மேல்மாடி இல்லாத ஒரு வீட்டில் நடத்திய சோதனைகளில், கதவைத் திறந்து சராசரியாக 100 வினாடியிலேயே தீயணைப்பு உடுப்போடுகூட உள்ளே நிற்க முடியாமல் போயிருக்கிறது.

சரி, செய்ய வேண்டியது.

1. வெளியே ஓடும்போது கதவை இழுத்துச் சாத்துங்கள். பூட்ட வேண்டாம். 110க்கு அழையுங்கள்.

2. மூடிய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் புறங்கையைக் கதவின் மேல்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் கைப்பிடியைத்தான் தொட்டேன், அது சில்லென்று இருந்தது, அங்கேதான் ஏமாந்தேன். சூடு மேலேதான் நிற்கும்.

3. ஜன்னல் கண்ணாடி உள்ளே கறுத்து எண்ணெய் பூசியது போல இருக்கிறதா? இடுக்கில் புகை மூச்சு விடுவது போல உள்ளே போய் வெளியே வருகிறதா? அப்படியானால் கதவுக்கு நேரே நிற்காதீர்கள். திறந்தால் வெடித்துக்கொண்டு வரும்.

தீயணைப்புக்காரர்களும் கதவைத் திறக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் குழாயில் தண்ணீர் வந்த பிறகு. ஒருவர் கதவைப் பிடித்து, குழாய் நுழையும் அளவுக்கு மட்டும் விடுவார். மற்றவர் மேலே தேங்கிய புகையிலும் நெருப்பிலும் தண்ணீர் அடித்துச் சூட்டை இறக்குவார். அப்புறம்தான் நெருப்புக்குப் பக்கத்து ஜன்னலையோ கூரையையோ திறப்பார்கள், புகை ஆட்கள் இருக்கும் பக்கம் திரும்பாமல் அந்த வழியே போகட்டும் என்று. ஊதுவிசிறி வைப்பதென்றாலும் புகை வெளியேற வழி கிடைத்த பிறகுதான். வாளியோடு கூரையில் ஏறித் தகரத்தைக் கழற்றும் நம்ம ஊர் வேலை எனக்குப் பிடிக்கவே இல்லை. தண்ணீர் தயாராகாமல் மேலே ஓட்டை போட்டால் அது புகைபோக்கி.

பிற்சேர்க்கை 1: பழைய லயங்களில் நடுச்சுவர் கூரைவரை போகாது என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். உண்மைதான். கதவைச் சாத்தினாலும் புகை மேல்வழியாக அடுத்த காம்பராவுக்குப் போகும், அதனால் இரண்டு பக்கத்து ஆட்களையும் உடனே எழுப்பி வெளியே கொண்டுவாருங்கள்.

பிற்சேர்க்கை 2: "கேஸ் கசிந்தால் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார்களே?" அது நெருப்புப் பிடிப்பதற்கு முன்னால். வெறும் வாடை என்றால் திறந்துவிடுங்கள், சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். பற்றிய பிறகு சாத்திவிட்டு வெளியே.